நான்கு ஆண்களை எண்ணும் கணக்கு

“நாலு தலைமுறை தாண்டினாத்தான் அது பூர்வீகச் சொத்து. இது அப்பா சொத்து. இதுல உனக்குப் பிறப்புரிமைன்னு ஒண்ணும் கிடையாது.”

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் சகோதரிகளிடம் சொல்லப்படும் வாக்கியம் இது. சொல்பவர் அண்ணனாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், பத்திரம் எழுதிக்கொடுப்பவராகவும் இருக்கலாம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசலில் நிலம் வெறும் நிலமாக இருந்தவரை இந்தப் பேச்சு அதிகம் எழவில்லை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் ஊர்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஏக்கரின் விலை ஏறியபோது, வாங்க வருபவர்கள் எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்கத் தொடங்கினார்கள். பொங்கலுக்கு மட்டும் நினைக்கப்பட்ட அக்கா தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார்கள். “எனக்கு என்ன பங்கு?” என்று அவர்களில் ஒருத்தி கேட்கும்போதுதான் இந்த நாலு தலைமுறைக் கணக்கு வெளியே வருகிறது.

நான் தமிழ் கற்பிப்பவள், வழக்குரைஞர் அல்ல. ஆனால் என் வகுப்பில் உட்காரும் பெண்களில் பலர் இந்த வாக்கியத்தை வீட்டில் கேட்டுவிட்டு வருகிறார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று நம்பியும் விடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை. பிறப்பால் வரும் உரிமையை ஏன் இறந்துபோன ஆண்களை எண்ணித் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ‘நாலு’ எங்கிருந்து வந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டி விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம் என்ற உரைநூலின் வழியில் வந்த இந்துச் சட்டம், மகனுக்குத் தந்தைவழிச் சொத்தில் பிறந்த கணத்திலேயே பங்கு உண்டு என்றது. மகனுக்கு மட்டுமல்ல, பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் உண்டு. சொத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், அவருக்குக் கீழே மூன்று படிகள், ஆக நான்கு. இந்த நால்வரும் அடங்கிய வட்டத்தைச் சட்டம் ‘கோபார்சனரி’ என்கிறது. மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் முன்னோருக்குப் பிண்டம் வைக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதோடு இந்த எண்ணிக்கை சேர்த்து விளக்கப்பட்டு வந்திருக்கிறது. வைப்பவன் ஒருவன், பெறும் முன்னோர் மூவர். சோற்று உருண்டையின் கணக்கும் நிலத்தின் கணக்கும் ஒரே வடிவம் கொண்டவை.

ஆக, நான்கு என்பது வட்டத்துக்குள் எத்தனை பேர் வரலாம் என்பதற்கான எல்லை. சொத்துக்கு எவ்வளவு வயதாக வேண்டும் என்பதற்கான அளவு அல்ல. வீட்டில் பேசும்போது இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. கொள்ளுத்தாத்தா வாங்கி, தாத்தா ஆண்டு, அப்பா ஆண்டு, நம் கைக்கு வந்தால்தான் பூர்வீகம் என்று மாம்பழம் பழுக்கக் காத்திருப்பதுபோல் பேசுகிறார்கள். பழைய சட்டத்தில் அதற்கு ஒரே ஒரு படி போதும். ஒரு ஆண் தன் தந்தையிடமிருந்தோ, தந்தையின் தந்தையிடமிருந்தோ, அவருடைய தந்தையிடமிருந்தோ வாரிசாக ஒரு சொத்தைப் பெற்றால், அது அவர் கையில் பூர்வீகச் சொத்து. அவருடைய மகன் பிறந்ததும் அதில் பங்கு பெற்றான். பெற்றவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு படி 1956 ஜூன் 17-ஆம் தேதிக்குமுன் நிகழ்ந்ததா, பின் நிகழ்ந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவருடைய சொந்தச் சொத்து அச்சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி மகனுக்கு வந்தால், அது மகனுடைய தனிச்சொத்து. பேரனுக்கோ பேத்திக்கோ அதில் பிறப்புரிமை இல்லை. சந்தர் சென் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதாவது, 1956-க்குப்பின் வாங்கிய நிலம் நாலு தலைமுறை கடந்தாலும் தானாகப் பூர்வீகம் ஆகிவிடாது. 1956-க்குமுன் ஒரே ஒரு முறை கைமாறிய நிலம் பூர்வீகமாக இருக்கும். தலைமுறைகளை எண்ணுவதால் பெரிய பயன் இல்லை. தேதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெரம்பலூர் பக்கம் ஒரு கொள்ளுத்தாத்தா 1931-ல் 6 ஏக்கர் கரிசல் வாங்கினார். மனைவி முன்பே இறந்துவிட்டார், ஒரே பிள்ளை. கொள்ளுத்தாத்தா 1949-ல் இறந்ததும் நிலம் அந்த மகனுக்கு, அதாவது தாத்தாவுக்கு வந்தது. தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். பாட்டி முதலில் போய்விட, தாத்தா 1974-ல் உயில் எழுதாமல் இறந்தார். மகளுக்கு அதற்குமுன்பே கல்யாணம் ஆகிவிட்டது. அவரை நாம் அத்தை என்று அழைப்போம்.

தாத்தாவுக்கு நிலம் வந்தது 1949-ல், எனவே அது பூர்வீகம். இரண்டு மகன்களும் பிறந்ததுமே பங்காளிகள். அத்தை பிறந்தும் பங்காளி இல்லை. 1974-ல் தாத்தா இறந்தபோது இருந்த சட்டப்படி, அவர் இறப்பதற்கு ஒரு கணம் முன்பு பாகம் பிரித்ததாகப் பாவிக்க வேண்டும். தாத்தா, இரண்டு மகன்கள் என்று மூன்று பங்கு, ஆளுக்கு 2 ஏக்கர். மகன்களின் 4 ஏக்கரில் அத்தைக்கு ஒன்றுமில்லை. தாத்தாவின் 2 ஏக்கர் மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். அத்தைக்கு 66⅔ சென்ட். அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு 2 ஏக்கர் 66⅔ சென்ட். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம்.

இதே குடும்பத்தில் ஒரே ஒரு தேதியை மாற்றுவோம். கொள்ளுத்தாத்தா 1949-ல் இறக்கவில்லை, 1958-ல் இறந்தார். இப்போது நிலம் தாத்தாவின் தனிச்சொத்து. 1974-ல் அவர் உயில் எழுதாமல் இறந்தால் 6 ஏக்கரும் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். அத்தைக்கு 2 ஏக்கர். நிலம் பூர்வீகமாக இல்லாததால் அத்தையின் பங்கு மூன்று மடங்கு ஆகிறது. ஆனால் அதே தாத்தா ‘ஆறு ஏக்கரும் என் இரண்டு மகன்களுக்கே’ என்று உயில் எழுதி வைத்திருந்தால் அத்தைக்கு ஒரு சென்ட்கூட இல்லை. பூர்வீக நிலத்தில் அவரால் அப்படி முழுதும் எழுதியிருக்க முடியாது. தன் பங்கான 2 ஏக்கரை மட்டுமே எழுதலாம்.

பூர்வீகம் என்ற சொல் பெண்ணுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது என்பதற்காகவே இந்தக் கணக்கைப் போட்டேன். நெடுங்காலம் அந்தச் சொல் மகளை வெளியே நிறுத்தத்தான் பயன்பட்டது. “பூர்வீக நிலம், ஆண் வாரிசுக்குத்தான்” என்றார்கள். மகளுக்கும் அதில் பிறப்புரிமை வந்தபிறகு, அதே நிலத்தைக் காட்டி “இது பூர்வீகமே இல்லை, நாலு தலைமுறை ஆகவில்லை” என்கிறார்கள். நிலம் மாறவில்லை. எண்ணுகிறவர்களும் மாறவில்லை. எண்ணிக்கையின் நோக்கம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற அந்த வழக்கில், மாரப்ப கவுண்டர் என்பவர் 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் ஒரு நிலத்தை எடுத்திருந்தார். அவருக்கு ஒரே மகள். அவர் இறந்தபின் நிலம் மகளுக்கா, கூட்டுக்குடும்பத்தில் எஞ்சியிருந்த ஆணான சகோதரர் மகனுக்கா என்பது கேள்வி. நிலம் கூட்டுக்குடும்பத்துடையது என்றால் பழைய சட்டத்தில் அது எஞ்சிய ஆணுக்குப் போகும். தனிச்சொத்து என்றால் மகளுக்கு வரும். அவர் இறந்தது 1949-லா 1957-லா என்பதிலும் தகராறு. 1949 என்பதையே நீதிமன்றம் ஏற்றது, அதாவது 1956 சட்டம் துணைக்கு வராத ஆண்டு. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மகளின் உரிமையை ஏற்கவில்லை. 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் வேறு தீர்ப்பளித்தது. மகன் இல்லாதவரின் தனிச்சொத்து 1956-க்கு முந்தைய இந்துச் சட்டப்படியும் மகளுக்குத்தான் போகும், சகோதரர் மகனுக்கு அல்ல என்றது. வழக்கு 1991-ல் போடப்பட்டது. அந்த மகள் 1967-லேயே பிள்ளையின்றி இறந்துவிட்டார். தன் பெயரில் எழுதப்பட வேண்டிய நிலம் தன்னுடையதுதான் என்று சொல்லப்பட்டதைக் கேட்க அவர் இல்லை. அவர் வழியாகப் பங்கு கேட்டு வழக்குப் போட்டவரும் அந்தக் குடும்பத்தின் ஒரு பெண்தான். அவரும் முடிவைப் பார்க்கவில்லை.

சரி, நம் கற்பனை அத்தையிடம் திரும்புவோம். அவருடைய 66⅔ சென்ட் அதோடு நின்றுவிட்டதா? 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989-ல் தமிழ்நாடு அரசு மகளையும் பிறப்பால் பங்குரிமை உள்ளவளாக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1989 மார்ச் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்குமுன் கல்யாணம் ஆன பெண்களுக்கு அது இல்லை. நம் அத்தை கழுத்தில் தாலி ஏறியிருந்ததால் வெளியே நின்றார். பிறப்புரிமை என்று பெயர், ஆனால் கல்யாணத்தால் கரைந்துபோகிற பிறப்பு. கல்யாணத்தால் கரையும் பிறப்பு எந்த அண்ணனுக்கும் வாய்க்கவில்லை.

2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 முதல் மகள், மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்ற கேள்வி இல்லை. தந்தை அந்தத் தேதியில் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் முரண்பட்டன. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று, இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. உரிமை மகளின் பிறப்பில் இருக்கிறது, தந்தையின் ஆயுளில் இல்லை. தந்தை இறந்தபோது பாகம் பிரித்ததாகப் பாவித்தது உண்மையான பாகப்பிரிவினை ஆகாது என்றும் அது சொன்னது.

எனவே 1974-க்குப்பின் அந்த நிலம் பிரிக்கப்படாமலே கிடந்திருந்தால் அத்தையின் கணக்கு புதிதாகத் தொடங்கும். தாத்தா, இரண்டு மகன்கள், மகள் என நான்கு பங்கு. ஆளுக்கு 150 சென்ட். தாத்தாவின் 150 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் ஐம்பது ஐம்பதாகப் போகும். அத்தைக்கு 200 சென்ட், அதாவது 2 ஏக்கர். அண்ணன் தம்பிக்கும் அதே 2 ஏக்கர்.

இதில் ‘பிரிக்கப்படாமல்’ என்பதுதான் அத்தை விசாரிக்க வேண்டிய சொல். 2004 டிசம்பர் 20-க்குமுன் பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, பாகம் பிரித்த நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் 2005 சட்டம் அதைக் கலைக்காது. நம் ஊர்களில் பதிவுப் பத்திரங்களைவிட வாய்ப்பேச்சுப் பாகமும், வெள்ளைத்தாளில் எழுதிய கூர்சீட்டும்தான் அதிகம். “அப்பவே பிரிச்சாச்சு” என்று வாயால் சொன்னால் போதாது. அன்று முதல் தனித்தனியாக ஆண்டதைக் காட்டும் அரசு ஆவணங்கள் போல உறுதியான சான்று இருந்தால், விதிவிலக்காக மட்டும் நீதிமன்றம் அதை ஏற்கலாம் என்று வினீதா சர்மா தீர்ப்பு சொல்கிறது. 

எப்படித் தெரிந்துகொள்வது? பட்டாவைக் காட்டி “பார், எங்கள் பெயர்தான் இருக்கிறது” என்பார்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது. தேட வேண்டியது தாய்ப்பத்திரம். முதலில் யார், எந்த ஆண்டில், எப்படி வாங்கினார் என்பது அதில் இருக்கும். அடுத்து ஒவ்வொருவரும் இறந்த தேதி. பிறகு ஒவ்வொரு கைமாற்றமும் எந்த வழியில் நடந்தது என்பது. வாரிசாக வந்ததா, பாகத்தில் வந்ததா, உயிலிலா, தான செட்டில்மெண்டிலா? தந்தை தன் தனிச்சொத்தை மகனுக்கு உயிலாகவோ தானமாகவோ எழுதிவைத்தால் அது தானாகப் பூர்வீகம் ஆகாது, எழுதியவரின் எண்ணம் என்ன என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும் என்று 1953-லேயே சென்னை மாகாண வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடைசியாக வில்லங்கச் சான்றிதழ். அத்தை எப்போதோ கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம் ஒன்று அதில் தெரியக்கூடும். “சீர் செஞ்சாச்சு, ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று ஒரு சேலையோடு வாங்கப்பட்டது அது. பதிவான அந்தக் கையெழுத்தை ஏமாற்று என்று நிரூபிப்பது கடினம். தன்னைக் கூட்டுச் சொத்திலிருந்து ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்தபின் பன்னிரண்டு ஆண்டுக்குமேல் சும்மா இருந்தால், காலவரம்பும் குறுக்கே வரும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் அத்தைக்கான கணக்கு. நாலு தலைமுறைக் கணக்கில் இன்னும் வராத ஒருத்தி இருக்கிறாள். அவள் அந்த வீட்டு அம்மா.

அதே 6 ஏக்கர் பூர்வீக நிலம். அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். மகள் பங்காளியாக இல்லாத காலத்தில் அப்பா இறந்தால், அப்பாவுக்கும் மகனுக்கும் ஆளுக்கு 3 ஏக்கர் என்று பாவித்து, அப்பாவின் 3 ஏக்கரை அம்மா, மகன், மகள் மூவரும் பிரிப்பார்கள். அம்மாவுக்கு 1 ஏக்கர். மகளும் பங்காளி ஆனபின் முதல் பிரிவு மூன்றாகிறது. அப்பாவின் பங்கு 2 ஏக்கர். அதை மூன்றாகப் பிரித்தால் அம்மாவுக்கு 66⅔ சென்ட். அன்று அத்தைக்குக் கிடைத்த அதே எண். மகளுக்கு நியாயம் செய்தபோது இழந்தது மகன் மட்டும் அல்ல, தாயும்தான். தமிழ்நாட்டில் வழக்கிலுள்ள திராவிட மரபுப்படி, பாகம் பிரிக்கும்போது மனைவிக்கென்று தனிப் பங்கும் கிடையாது. வெங்காயத்துக்குக் களையெடுத்ததும் பருத்தி எடுத்ததும் பெரும்பாலும் அவள்தான். ஆனால் அவள் அந்த வீட்டில் பிறக்கவில்லை, வாழ வந்தவள். பிறப்பை மட்டும் எண்ணும் கணக்கு உழைப்பை எண்ணுவதில்லை.

அம்மா வழியாக வரும் நிலத்திலும் இதே கண்மூடல் உண்டு. அம்மாவின் அப்பாவிடமிருந்து வந்த நிலம் எத்தனை தலைமுறை கடந்தாலும் இந்தப் பொருளில் பூர்வீகம் ஆகாது. தந்தைவழி மூவர் மட்டுமே முன்னோர் என்று 1937-ல் பிரிவி கவுன்சில் சொன்னதே இன்றும் அடிப்படை. சங்கிலி ஒரு பெண்ணைத் தொட்டால் அறுந்துவிடும். நாலு தலைமுறை என்று நாம் சொல்வது உண்மையில் நாலு ஆண்கள்.

மொழி இவ்வளவு கஞ்சத்தனமாக இல்லை. பாட்டனுக்குப் பாட்டி இருக்கிறாள், பூட்டனுக்குப் பூட்டி இருக்கிறாள், ஓட்டனுக்கு ஓட்டி இருக்கிறாள். தமிழ் ஒவ்வொரு படியிலும் இருவரை நிறுத்தி எண்ணுகிறது. ‘பங்காளி’ என்ற சொல்லும் அப்படித்தான். தொழிலாளி, அறிவாளி, கூட்டாளி போல அதில் ஆண்பால் விகுதி ஏதும் இல்லை. பங்கை ஆளும் எவரும் பங்காளி. வழக்கில்தான் அது ஆண்களுக்கு மட்டுமான சொல்லானது. குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது மகனுக்குக் கல்யாணமானால் ஒரு தலை கூடுகிறது, மகளுக்குக் கல்யாணமானால் அவள் வேறொரு வீட்டுத் தலைக்குள் மறைந்துபோகிறாள். சாமிக்கு வரி கட்டும் பட்டியலும் சொத்துக்கு வம்சாவளி எழுதும் பட்டியலும் ஒரே பேனாவால் எழுதப்படுகின்றன. 2005 சட்டம் அத்தையைப் பங்காளி ஆக்கியது. ஆனால் ஊரில் யாரும் அவரை அந்தச் சொல்லால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்படியானால் பிறப்புரிமை என்ற இந்த ஏற்பாட்டையே ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். கேரளம் அதைத்தான் செய்தது. 1975-ல் இயற்றிய சட்டத்தால் கூட்டுக்குடும்ப முறையையே நீக்கி, அவரவர் பங்கு அவரவருக்கு என்றாக்கியது. அங்கே பூட்டனை எண்ண வேண்டியதில்லை என்று அப்போது ஆனது பெரிய விடுதலை. ஆனால் எல்லாச் சொத்தும் தனிச்சொத்தாகும்போது எல்லாவற்றையும் உயிலில் மகனுக்கே எழுதவும் முடியும். மகளின் பங்கு அப்பாவின் பிரியத்தைப் பொறுத்ததாகிவிடும். நம் ஊர் அப்பாக்கள் பெண் பிள்ளைகளிடம் பிரியமானவர்கள்தான். அந்தப் பிரியம் மடியில் உட்காரவைக்கிறது, படிக்கவைக்கிறது, நகை போடுகிறது. நிலத்தின் வரப்பில் வந்ததும் அது நின்றுவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான், அதன் வரலாறு தெரிந்தும், பிறப்புரிமையை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அதில் ஒரு நல்ல கரு இருக்கிறது. நல்ல மகளாக இருந்ததற்காகவோ, கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றியதற்காகவோ, சாதிக்குள் கல்யாணம் செய்துகொண்டதற்காகவோ அது தரப்படுவதில்லை. பிறந்ததற்காக இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியதில்லை, அதனால் கோபத்தில் திரும்பப் பறிக்கவும் முடியாது. ஆண்கள் எட்டு நூற்றாண்டுக்குமேல் இந்த நிம்மதியோடுதான் அப்பாக்களோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அப்பாவோடு சண்டை போட்டாலும் காலடியில் நிலம் நழுவாது என்ற அந்த நிம்மதி பெண்ணுக்கும் வேண்டும்.

ஆனால் பிறப்புதான் காரணம் என்றால், 1949-க்கும் 1958-க்கும் என்ன வேறுபாடு? நம் அத்தை இரண்டு கணக்கிலும் ஒரே பெண்ணாகத்தான் பிறந்தார். அவர் பார்த்தேயிராத ஒரு கிழவர் எந்த ஆண்டில் கண்மூடினார் என்பது அவருடைய உரிமை உயிலால் அழியக்கூடியதா, அழிக்க முடியாததா என்று தீர்மானிக்கிறது. காலம் போகப்போக, 1956-க்குமுன் கைமாறிய நிலம் குறைந்துகொண்டே வரும். இன்று வாங்கப்படும் மனைகளும் வீடுகளும் எல்லாம் தனிச்சொத்து. மகளுக்குப் பிறப்புரிமை வந்துசேர்ந்த அதே காலத்தில், பிறப்புரிமை செல்லுபடியாகும் நிலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. தந்தையின் தனிச்சொத்திலும், அது எந்த ஆண்டில் யாரிடமிருந்து வந்திருந்தாலும், உயிலால் தொடமுடியாத ஒரு பகுதி மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்தியாவிலேயே முஸ்லிம் சட்டத்தில், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுத முடியாது. மீதி வாரிசுகளுக்கென்று நிற்கிறது. அங்கே மகளுக்கு மகனின் பாதிதான் என்ற குறை உண்டு. ஆனால் உயிலுக்கு ஒரு வரப்பு கட்டலாம் என்பது புதிய யோசனை அல்ல, நமக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி.

அதுவரை, நாலு தலைமுறை என்று யாராவது சொன்னால் என் மாணவிகள் மூன்று கேள்வி கேட்கட்டும். முதலில் வாங்கியவர் எந்தத் தேதியில் இறந்தார்? ஒவ்வொரு கைக்கும் நிலம் எந்த வழியில் வந்தது? 2004 டிசம்பர் 20-க்குமுன் பதிவான பாகப்பத்திரம் இருக்கிறதா, இருந்தால் எங்கே? இவற்றுக்குப் பதில் தேடும்போது வீட்டின் வம்சாவளியை ஒரு தாளில் எழுத வேண்டிவரும். அப்போது பூட்டனுக்குப் பக்கத்தில் பூட்டியின் பெயரையும் எழுதச் சொல்கிறேன். என் வகுப்பில் எழுதிப் பார்த்தபோது பல பெண்களுக்குப் பூட்டனின் பெயர் தெரிந்திருந்தது. பூட்டியின் பெயருக்காக அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டியிருந்தது. சில வீடுகளில் யாருக்குமே தெரியவில்லை.